நீண்ட கூட்டலையும் பெருக்கலையும் ஒன்பது நீக்கிச் சரிபார்ப்பது எப்படி?

ஆறு எண்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கையால் கூட்டி, 172739 என்று விடை எழுதி, ஒன்பது நீக்கும் முறையில், அதாவது எண்களை 9-ஆல் வகுத்தால் வரும் மீதிகளின் தொகையை விடையின் மீதியோடு ஒப்பிட்டு, சரிபார்த்தேன். இரண்டு பக்கமும் 2 என்று வந்தது. விடை சரி என்று உறுதியாக நம்பித் தாளைக் கொடுத்துவிட்டேன். அதே பட்டியலைக் கூட்டிய இன்னொருவருக்கு 172109 வந்திருந்தது. அவருடைய விடைதான் சரி. என் சரிபார்ப்பில் தவறே இல்லை என்பதுதான் என்னை வெகுநாள் குழப்பியது. எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அதே 2 தான் வந்தது.

இம்முறையைச் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் "இரண்டும் ஒன்றாக வந்தால் விடை சரி" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றாக வராதபோது எங்கே தேட வேண்டும், ஒன்றாக வந்த பிறகும் எதை நம்பக்கூடாது என்னும் இரண்டையும் நான் தட்டுத் தடுமாறியே கற்றுக்கொண்டேன். நீங்கள் முதல் நாளிலேயே அந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு பென்சிலும், கணக்கின் வலப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்று ஓரமும் போதும். அந்த ஓரத்தில்தான் ஒவ்வொரு எண்ணின் மீதியையும் எழுதப் போகிறீர்கள். கணக்கை எழுதத் தொடங்கும்போதே இந்த ஓரத்தை ஒதுக்கிவிடுங்கள். பிறகு இடுக்கில் எழுதினால் மீதி எது, கணக்கின் இலக்கம் எது என்று குழம்பும்.

இவற்றைவிட முக்கியமானது மூலத் தாள், அதாவது எண்கள் உங்களுக்கு முதலில் எந்தத் தாளில் வந்தனவோ அந்தத் தாள். மீதியை எப்போதும் மூலத் தாளிலிருந்து எடுங்கள். நீங்கள் நகலெடுத்து அடுக்கிய வரியிலிருந்து எடுக்காதீர்கள். மூலத்தில் 47386 என்றிருப்பதை நீங்கள் 47336 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழையான வரியிலிருந்தே மீதியையும் எடுத்தால், கூட்டலில் பிழை இல்லாதவரை சரிபார்ப்பு பொருந்தத்தான் செய்யும். நீங்கள் சரிபார்த்தது தவறான கணக்கை என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

நேரத்தைப் பொறுத்தவரை, பழகிய பிறகு ஐந்து இலக்க எண்கள் ஆறு கொண்ட கூட்டலுக்கு எனக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. முதல் சில நாள்களில் இரண்டு நிமிடம் ஆகலாம். முழுக் கணக்கையும் மறுபடி போடுவதைவிட அதுவும் குறைவுதான். மேலும், மறுபடி போடும்போது கண் அதே பிழையை அதே இடத்தில் செய்வது மிகவும் வழக்கம்.

2. ஓர் எண்ணின் மீதியை எடுத்தல்

எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள். வரும் தொகை 9-க்கு மேல் இருந்தால் அதன் இலக்கங்களையும் கூட்டுங்கள். ஓர் இலக்கம் மட்டும் மிஞ்சும்வரை இதைத் தொடர வேண்டும். 47386-க்கு 4 + 7 + 3 + 8 + 6 = 28; 2 + 8 = 10; 1 + 0 = 1. ஆகவே மீதி 1.

இப்படிக் கிடைப்பது, அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் மிஞ்சும் எண்ணேதான். 10 என்பது 9-ஐவிட 1 அதிகம். 100 என்பது 99-ஐவிட 1 அதிகம். 1000 என்பது 999-ஐவிட 1 அதிகம். எனவே நூறுகள் இடத்தில் நிற்கும் ஒரு 7, ஏழு 99-களையும் ஒரு 7-ஐயும் தருகிறது. 99-கள் எல்லாம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டுவிடுவதால் அந்த 7 மட்டுமே மிஞ்சுகிறது. இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மீதிக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இம்முறையின் எளிமைக்கும் அதன் குறைக்கும் அதுவே காரணம்.

விரைவாகச் செய்ய வேண்டுமானால், 9 என்னும் இலக்கத்தையும், கூட்டினால் 9 வரும் இணைகளையும் எடுத்த எடுப்பிலேயே அடித்துவிடலாம். 63904-இல் 9-ஐ அடியுங்கள். 6-உம் 3-உம் சேர்ந்தால் 9 என்பதால் அவற்றையும் அடியுங்கள். 0-உம் 4-உம் மிஞ்சுகின்றன, மீதி 4. ஆனால் மூலத் தாளின் மேலேயே பென்சிலால் கோடு போட்டு அடிக்காதீர்கள், மனத்திலேயே அடியுங்கள். நான் தாளில் அடித்துப் பழகி, அடித்த இலக்கங்களைப் பின்னர் படிக்க முடியாமல் தவித்திருக்கிறேன்.

புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடமும் இங்கே உண்டு. மீதி 9 என்று வந்தாலும் 0 என்று வந்தாலும் பொருள் ஒன்றே. ஒரு பக்கம் 9, மறுபக்கம் 0 என்று வந்ததைக் கண்டு கணக்கு தவறு என்று எண்ணிவிடாதீர்கள். 9 வந்தால் உடனே 0 என்று எழுதும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

3. கூட்டலைச் சரிபார்த்தல்

எனக்குப் பாடம் கற்பித்த அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதன் மீதி இருக்கிறது.

47386 → 1
8259 → 6
63904 → 4
15078 → 3
29647 → 1
7835 → 5

சரியான கூட்டுத்தொகை 172109. மீதிகளைக் கூட்டினால் 1 + 6 + 4 + 3 + 1 + 5 = 20; அதன் மீதி 2. கூட்டுத்தொகையில் 9-ஐயும், 7-2 இணையையும் அடித்தால் 1, 1, 0 மிஞ்சுகின்றன, மீதி 2. இரண்டும் பொருந்துகின்றன.

பட்டியல் நாற்பது, ஐம்பது வரிகளுக்கு நீண்டால், முழுவதையும் ஒரே வீச்சில் கூட்டிக் கடைசியில் சரிபார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து வரிக்கு ஒருமுறை இடைத்தொகை எழுதி, அதை அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். பிழை வந்தால் பத்து வரிக்குள் தேடினால் போதும். ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு பிழைகள் ஒரே சோதனைக்குள் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் குறைகிறது.

4. மீதிகள் பொருந்தாவிட்டால் எங்கே தேடுவது

பொருந்தவில்லை என்றால் உடனே முழுக் கணக்கையும் அழித்துவிட்டுத் தொடங்காதீர்கள். முதலில் மீதிகளை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், ஏனெனில் தொடக்கத்தில் கணக்கைவிட மீதி எடுப்பதில்தான் தவறு அதிகம் நேரும். மீதிகள் சரியாக இருந்தால், எவ்வளவு குறைகிறது அல்லது கூடுகிறது என்று பாருங்கள். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு அந்த வித்தியாசமே தடயம்.

மேலே உள்ள கூட்டலில் ஒருவர் 169109 என்று விடை எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். 9-களை அடித்தால் 1, 6, 1, 0 மிஞ்சி, மீதி 8 வருகிறது. வர வேண்டியது 2. இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்பதால் 9-ஐச் சேர்த்து 11 ஆக்கிக் கழியுங்கள்: 11 − 8 = 3. விடையின் மீதியில் 3 குறைகிறது.

கூட்டலில் மிகுதியாக நேரும் பிழை, ஒரு பத்தியைக் கூட்டி மனத்தில் வைத்த எண்ணை அடுத்த பத்தியில் சேர்க்க மறப்பது. மறந்த எண் 3 என்றால், அது எந்த இடத்திலிருந்து விடுபட்டிருந்தாலும் மீதியில் 3 தான் குறையும். எனவே மனத்தில் 3 வைத்த பத்திகளை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றுகளின் தொகை 39, மனத்தில் 3. பத்துகளின் தொகை அந்த 3-உடன் 30, மனத்தில் 3. நூறுகளின் தொகை 31, மனத்தில் 3. ஆயிரங்களின் தொகை 42, மனத்தில் 4. கடைசியில் உள்ள 4-ஐ மறந்திருந்தால் மீதியில் 4 குறைந்திருக்கும். ஆகவே அது இல்லை. மற்ற மூன்றில் பார்க்கும்போது, நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குப் போக வேண்டிய 3 விடுபட்டது தெரியவருகிறது. ஆயிரங்களை வெறும் 39 என்று கொண்டு 9 எழுதியதால் 172 என்பது 169 ஆகிவிட்டது.

இந்தத் தடயம் எப்போதும் நேராக அழைத்துச் செல்லும் என்று சொல்ல முடியாது. ஓர் இலக்கத்தை மூன்று குறைத்துப் படித்திருந்தாலும் இதே 3 தான் குறையும். ஆனாலும் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

5. பெருக்கலைச் சரிபார்த்தல்

பெருக்கலில் மீதிகளைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். 4738 × 629 என்னும் கணக்கை எடுத்துக்கொள்வோம். 4738-இன் இலக்கங்களைக் கூட்டினால் 22, மீதி 4. 629-இல் 9-ஐ அடித்தால் 8. 4 × 8 = 32, அதன் மீதி 5. பெருக்கி வந்த விடை 2980202. அதில் 9-ஐ அடித்து மற்றவற்றைக் கூட்டினால் 14, மீதி 5. பொருந்துகிறது.

ஆனால் பெருக்கலில் இறுதி விடையை மட்டும் சோதிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்தவுடன் சோதிக்கும்படி வலியுறுத்துகிறேன். ஒரு வரிக்குச் சில நொடிகள்தான் பிடிக்கும்.

4738 × 9 = 42642. மீதி 4 × 9 = 36, அதாவது 0; வரியின் மீதியும் 0.
4738 × 2 = 9476. மீதி 4 × 2 = 8; வரியின் மீதியும் 8.
4738 × 6 = 28428. மீதி 4 × 6 = 24, அதாவது 6; வரியின் மீதியும் 6.

மூன்றாம் வரியைத் தவறுதலாக 28228 என்று எழுதினால் இறுதி விடை 2960202 என்று வரும். அதன் மீதி 3; வர வேண்டியது 5; இரண்டு குறைகிறது. மனத்தில் 2 வைத்த இடங்களைத் தேடினால் இங்கே இரண்டு அகப்படுகின்றன: 6-ஆல் பெருக்கிய வரியில் ஒன்று, மூன்று வரிகளையும் கூட்டும்போது நூறுகள் பத்தியில் ஒன்று. வரிவாரியாகச் சோதித்தவருக்கு இந்த ஐயமே எழாது. 28228-இன் மீதி 4. வர வேண்டியது 6. அந்த வரியில்தான் தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். 3 × 6 = 18, அதோடு முந்தைய 4-ஐச் சேர்த்தால் 22; அந்த 22-இன் 2-ஐ அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோக மறந்ததுதான் பிழை.

தசமப் புள்ளி இருக்கும் எண்களிலும் புள்ளியைப் பொருட்படுத்தாமல் இதே முறையில் செய்யலாம். ஆனால் புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதை இச்சோதனை ஒருபோதும் சொல்லாது.

6. பொருந்திய பிறகும் பிழை இருக்கக்கூடிய இடங்கள்

மீதி பொருந்தாவிட்டால் எங்கோ தவறு இருப்பது உறுதி. பொருந்திவிட்டால், தவறு இருந்தாலும் அதன் அளவு 9-இன் மடங்கு என்பது மட்டுமே உறுதி. எந்தப் போக்கும் இல்லாமல் விழும் பிழைகளில் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று இப்படித் தப்பிவிடும். அது சிறிய பங்குதான் என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் மனிதர்கள் கையால் செய்யும் பிழைகள் அப்படிச் சிதறி விழுவதில்லை. அவற்றில் சில வகைகள் ஒவ்வொரு முறையும் 9-இன் மடங்காகவே அமைகின்றன.

அவற்றில் முதன்மையானது பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. என் பட்டியலில் நடந்ததும் அதுவே. 15078 என்பதை நான் 15708 என்று எழுதியிருந்தேன். இலக்கங்கள் அதேதான், வரிசை மட்டுமே வேறு. ஆகவே மூலத் தாளிலிருந்து எடுத்தாலும் என் தாளிலிருந்து எடுத்தாலும் மீதி 3 தான். நான் எத்தனை முறை சோதித்தும் பிழை அகப்படாததற்குக் காரணம் இது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. சரியான தொகை வேறு வழியில் உங்களுக்குக் கிடைத்திருந்தால், இரண்டு தொகைகளின் வித்தியாசத்தை எடுங்கள். 172739 − 172109 = 630. இது 9-ஆல் வகுபடுகிறது, ஈவு 70. ஈவு ஓர் இலக்கமும் அதைத் தொடரும் சுழியங்களுமாக இருந்தால் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஐயப்படுங்கள். 70-இல் உள்ள 7, இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம். அது பத்துகள் இடத்தில் நிற்பதால் மாறியவை பத்துகளும் நூறுகளும். பட்டியலில் பத்துகளுக்கும் நூறுகளுக்கும் இடையே 7 வித்தியாசம் உள்ள எண் எது என்று பார்த்தால், 15078 ஒன்றைத் தவிர வேறில்லை. ஆறு எண்களையும் மறுபடி கூட்டாமலே பிழை அகப்பட்டுவிடுகிறது. இதை நான் அன்றே அறிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வகை, பெருக்கலில் ஒரு வரியை ஓர் இடம் தள்ளி எழுத மறப்பது. மேலே உள்ள கணக்கில் 9476-ஐ இடப்பக்கம் தள்ளாமல் முதல் வரிக்கு நேர் கீழே எழுதிவிட்டால் விடை 2894918 என்று வரும். அதன் இலக்கங்களின் தொகை 41, மீதி 5. சோதனை பொருந்திவிடுகிறது! வரிவாரியாகச் சோதித்தாலும் இது அகப்படாது, ஏனெனில் வரி சரியாகத்தான் இருக்கிறது, அதன் இடம்தான் தவறு.

மூன்றாவது, பெருக்கும் எண்ணில் 9 இருந்து, அந்த 9-க்குரிய வரி முழுவதுமாக விடுபடுவது. 42642 என்னும் வரியையே எழுதாமல் விட்டால் விடை 2937560. அதன் மீதியும் 5. நீண்ட பெருக்கல் எழுதி முடித்ததும், பெருக்கும் எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ அத்தனை வரிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். பெருக்கும் எண்ணில் 0 இருந்தால் மட்டும் அதற்கு வரி வராது. இவற்றோடு 0-ஐ 9 என்றோ, 9-ஐ 0 என்றோ படித்துவிடுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெருக்கலுக்கே உரிய இன்னொரு நுட்பமும் உண்டு. பெருக்கும் இரண்டு எண்களில் ஒன்றின் மீதி 0 என்றால், மற்ற எண்ணை நீங்கள் எப்படித் தவறாக நகலெடுத்திருந்தாலும் பெருக்கற்பலனின் மீதி 0 தான் வரும். அத்தகைய கணக்கில் சோதனை பாதி குருடு. அங்கே நகலெடுத்த எண்களை மூலத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

7. தப்பியவற்றைப் பிடிக்கப் பதினொன்று சோதனை

மேலே சொன்ன மூன்று வகைப் பிழைகளில் முதல் இரண்டும் இலக்கத்தின் இடத்தைப் பாராததால் தப்புகின்றன; மூன்றாவது, விடுபட்ட வரியே 9-இன் மடங்கு என்பதால் தப்புகிறது. ஆகவே இடத்தைப் பார்க்கும் ஒரு சோதனையைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணின் வலக்கோடியிலிருந்து தொடங்கி, முதல் இலக்கத்தைக் கூட்டுங்கள், அடுத்ததைக் கழியுங்கள், அதற்கு அடுத்ததைக் கூட்டுங்கள். இப்படியே மாறி மாறி இடக்கோடிவரை செல்லுங்கள். விடை 0-க்குக் கீழே போனால் 11-ஐச் சேருங்கள். 10-க்கு மேல் போனால் 11-ஐக் கழியுங்கள். இது அந்த எண்ணை 11-ஆல் வகுத்தால் வரும் மீதி.

4738-க்கு 8 − 3 + 7 − 4 = 8. 629-க்கு 9 − 2 + 6 = 13, அதாவது 2. பெருக்கினால் 16, அதாவது 5. சரியான விடை 2980202-க்கு 2 − 0 + 2 − 0 + 8 − 9 + 2 = 5; பொருந்துகிறது. வரி தள்ளாமல் வந்த 2894918-க்கு 8 − 1 + 9 − 4 + 9 − 8 + 2 = 15, அதாவது 4; பிழை அகப்பட்டுவிட்டது. ஒரு வரி விடுபட்ட 2937560-க்குக் கணக்கிட்டால் −12 வரும். இருமுறை 11 சேர்த்தால் 10. அதுவும் அகப்படுகிறது.

கூட்டல் பட்டியலிலும் இப்படியே. மூலத் தாளின் ஆறு எண்களுக்கும் இந்த மீதிகள் வரிசையாக 9, 9, 5, 8, 2, 3. தொகை 36, அதாவது 3. 172109-க்கும் 3 வருகிறது. நான் எழுதிய 172739-க்கு 6 வருகிறது. பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் இச்சோதனை அதைத் தவறாமல் பிடித்துவிடும். ஆனால் இங்கும் மீதியை மூலத் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். நகலெடுத்த 15708-லிருந்து எடுத்தால் அதே தவறு விடையிலும் இருப்பதால் எல்லாம் பொருந்திவிடும்.

கூட்டல் கழித்தல் மாறி மாறி வருவதால் இதில் குழம்புவது எளிது. ஒன்பது சோதனையைவிட ஏறத்தாழ இருமடங்கு நேரமும் எடுக்கும். நேரம் குறைவாக இருந்தால், வரிவாரியாக ஒன்பது சோதனையையும் இறுதி விடைக்கு மட்டும் பதினொன்று சோதனையையும் செய்யுங்கள்.

இரண்டு சோதனைகளையும் தாண்டித் தப்புவது 99-இன் மடங்காக அமையும் பிழை மட்டுமே. ஒரு வரியை இரண்டு இடம் தவறித் தள்ளி எழுதினால் பிழை அப்படித்தான் அமையும். அதற்குத் தோராய மதிப்பு உதவும். 4738-ஐ 5000 என்றும் 629-ஐ 600 என்றும் கொண்டால் விடை முப்பது லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும். 28428-ஐ நூறுகளுக்குத் தள்ளாமல் அப்படியே கூட்டியவருக்கு 165830 வரும். அதன் ஒன்பது மீதி 5, பதினொன்று மீதியும் 5. ஆனால் அது இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை.